வெல்வெட் ஒளியை விழுங்குவதும் சாட்டின் மின்னுவதும்: படத்தின் ஒளியோடு பொருந்த இரண்டையும் விவரிக்கும் முறை

வடசேரியில் கோயில் நகை வாங்கியவர்கள் வீட்டில் அந்த நகை வந்த பெட்டியும் பத்திரமாக இருக்கும். அதைத் திறந்து சன்னலருகே கொண்டுபோய் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் நகையின் ஏதாவது ஒரு முனை மின்னும். அடியில் விரித்திருக்கும் சிவப்பு வெல்வெட் மட்டும் ஆழ்ந்து, இருண்டு, நகைக்கு வழிவிட்டுக் கிடக்கும். இப்போது அதே சிவப்பில் ஒரு சாட்டின் ரிப்பனை அதன் பக்கத்தில் வையுங்கள். பெட்டியைச் சாய்க்கும்போதெல்லாம் ரிப்பனின் மேல் ஒரு வெளிச்சக் கோடு ஓடி ஓடி இடம் மாறும். இரண்டும் பாலியெஸ்டர் நூலாகவே இருக்கலாம். ஒரே சாயத்தில் தோய்த்ததாகவும் இருக்கலாம். அப்படியிருந்தும் ஒன்று ஒளியை விழுங்குகிறது, மற்றொன்று திருப்பி எறிகிறது. வேறுபாடு நூலிலோ நிறத்திலோ இல்லை, நூல் படுத்திருக்கிறதா நிற்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

இதை நான் எழுதக் காரணம் என்னுடைய தொழில். நாகர்கோவிலில் புகைப்படங்களைத் திருத்தும் வேலை செய்கிறேன். ஆடை மாற்றும் வேலை வந்தால், வெளியூரில் இருந்து வரைந்து தரும் ஒரு நண்பருக்குப் படத்தையும், என்ன வேண்டும் என்ற குறிப்பையும் அனுப்புவேன். அவர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, படம் எடுத்த நாளின் வானத்தையும் பார்த்ததில்லை. குறிப்பில் இருக்கும் சொற்களைத்தான் அவர் வரைவார்.

தக்கலைப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்றின் திண்ணையில் எடுத்த படம் அப்படி வந்தது. ஆனி மாத மழைக்காலம், வானம் முழுக்க மேகம். அக்காவும் தங்கையும் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள்; அக்கா வெள்ளைப் பருத்தி ரவிக்கையும் தங்கை பழைய பருத்திப் பாவாடையும் உடுத்தியிருக்கிறார்கள். கல்யாண ஆல்பத்துக்காக அக்காவின் ரவிக்கையை மரூன் வெல்வெட்டாகவும் தங்கையின் பாவாடையைக் கரும்பச்சைச் சாட்டினாகவும் மாற்றித் தரவேண்டும் என்று கேட்டார்கள். நான் அனுப்பிய குறிப்பு ஒரே வரி: “மரூன் வெல்வெட் ரவிக்கை, கரும்பச்சைச் சாட்டின் பாவாடை, இரண்டும் நல்ல பளபளப்பாக.” வந்த படத்தைப் பார்த்த பெண்களின் அம்மா, “மக்களே, இது வெல்வெட்டு இல்லியே, மழைக்கோட்டு மாதிரில்லா இருக்கு” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பிழை வரைந்தவருடையது அன்று. பளபளப்பு என்ற ஒரே சொல்லை இரண்டு துணிக்கும் போட்ட என்னுடையது.

அந்தக் குறிப்பை எப்படித் திருத்தி எழுதினேன் என்பதைச் சொல்வதற்கு முன், துணிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறிப் பின்னும். ஒவ்வொரு பின்னலிலும் நூல் வளைந்து இறங்குவதால் துணியின் மேற்பரப்பு நுண்ணிய மேடும் பள்ளமுமாக இருக்கும். பருத்தி நூலாக இருந்தால் அதன் மேல் சிலும்பல்களும் சேரும். விழும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறிப் போவதால், கதர்ச் சட்டையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான் தெரியும்.

சாட்டின் நெசவில் பின்னல்கள் குறைவு. ஐந்திழைச் சாட்டினில் ஒரு நூல் நான்கு குறுக்கு நூல்களைத் தாண்டிச் சென்று ஐந்தாவதன் கீழ் ஒருமுறை மட்டும் இறங்கும். எட்டிழைச் சாட்டினில் ஏழைத் தாண்டி எட்டாவதில் இறங்கும். இறங்கும் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று அடுத்தடுத்து வராமல் சிதறி வைக்கப்பட்டிருக்கும். ஜீன்ஸ் துணியில் காணும் சாய்கோடு சாட்டினில் தெரியாததற்கு அதுவே காரணம். ஆகவே மேற்பரப்பில் தெரிவதெல்லாம் பக்கம் பக்கமாகப் படுத்துக்கிடக்கும் நீண்ட நூல்கள் மட்டுமே. நூலும் பட்டு அல்லது பாலியெஸ்டர் போன்ற வழுவழுப்பான நீள இழை. ஒரே திசையில் அடுக்கிய மெல்லிய கண்ணாடிக் குச்சிகளைப் போன்ற பரப்பு அது. ஒளி அதன்மேல் பட்டால் கண்ணாடியில் பட்டதைப் போலவே, வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் மறுபக்கம் தெறிக்கிறது.

‘கண்ணாடியைப் போல’ என்றதைச் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வரைபவருக்குச் சொல்லவேண்டிய பெரும்பாலான செய்திகள் இதிலிருந்துதான் வருகின்றன. கண்ணாடியில் தெரிவது கண்ணாடியின் நிறமன்று, எதிரே இருக்கும் பொருளின் நிறம். அதுபோலச் சாட்டினின் மின்னலும் சாயத்துக்குள் புகாமல் இழையின் மேல்தோலிலேயே திரும்பி வந்த ஒளி. ஆகவே பச்சைச் சாட்டினின் மின்னல் அடர்பச்சையாக இருக்காது. அடியில் தெரியும் பச்சையின் மேல் வெளிச்சத்தின் சொந்த நிறம் ஒரு மெல்லிய பூச்சாக ஏறியிருக்கும். மேகவானமானால் அந்தப் பூச்சு சாம்பல் கலந்த வெண்மையாகவும், மாலை வெயிலானால் இளமஞ்சளாகவும் இருக்கும். மின்னலின் வடிவமும் வெளிச்சத்தின் வடிவத்தையே பின்பற்றும். ஒரு சிறிய விளக்கானால் ஒடுங்கிய கூர்மையான கோடு. அகலமான சன்னலானால் ஓரம் கரைந்த அகலப் பட்டை. நூல்கள் ஒரே திசையில் படுத்திருப்பதால் மின்னல் நூலுக்குக் குறுக்கே இழுபட்டு நீளும். சாட்டின் ரிப்பனை மேசையில் வைத்து, ஒரே விளக்கின் கீழ், கால் சுற்று திருப்பிப் பார்த்தால் பளபளப்பு கூடிக் குறைவது இதனால்தான்.

மின்னல் எங்கே விழும் என்பதுதான் தொடக்கத்தில் எல்லோரும் தவறவிடும் இடம். பாவாடையின் ஒரு மடிப்பை, நெடுக்குவாக்கில் பிளந்த மூங்கிலைக் கவிழ்த்து நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா நேர் எதிரே இருக்கிறது. வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து, கேமராவின் பார்வைக்குச் செங்குத்தாக வருகிறது. மூங்கிலின் இட ஓரம் வெளிச்சத்தை நேராகப் பார்க்கிறது. நடு முகடு கேமராவை நேராகப் பார்க்கிறது. கண்ணாடி விதிப்படி, வெளிச்சத்துக்கும் கேமராவுக்கும் சரிபாதியில் திரும்பியிருக்கும் இடம் மட்டுமே வெளிச்சத்தைக் கேமராவுக்குள் தள்ளும். அந்த இடம் முகட்டிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. இரண்டுக்கும் இடையே, துணி 45 பாகை இடப்பக்கம் திரும்பியிருக்கும் சரிவில் இருக்கிறது. எனவே மடிப்பின் நீளத்துக்கு ஒரு வெளிச்சப் பட்டை, முகட்டுக்கு இடப்பக்கமாகச் சற்றுத் தள்ளி ஓடும். எல்லா மடிப்பிலும் அதே பக்கமே ஓடும். முகட்டின் நடுவே பட்டை வரைந்துவிட்டால், வெளிச்சம் கேமராவின் பின்னாலிருந்து வந்ததென்று கண் உடனே சொல்லிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது; ஒட்டுப்போட்ட துணி என்று மட்டும் தோன்றும்.

இனி வெல்வெட். அதன் அடியில் ஒரு சாதாரண நெய்த துணி இருக்கிறது; அதன்மேல் அடர்த்தியாக, ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தில், வெட்டிய நூல் நுனிகள் நிற்கின்றன. தறியில் பொதுவாக இரண்டு துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சிறு இடைவெளி விட்டு நெய்து, இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கும் நூலைக் கத்தியால் அறுத்து, இரண்டு வெல்வெட்டுகளாகப் பிரிப்பார்கள். அறுபட்டு நிற்கும் அந்த நூல்களை இந்தக் கட்டுரையில் முடி என்றே அழைக்கிறேன். நகைப்பெட்டிகள் பலவற்றில் இருப்பது நெய்த வெல்வெட்டுகூட அல்ல, அட்டையில் பசை தடவிக் குறுநூல் தூவியதுதான். ஆனாலும் முடி நிற்கிறது என்பதால் விளைவு அதேதான்.

மேலேயிருந்து வரும் ஒளி இந்த முடிக்காட்டுக்குள் விழுந்தால், ரப்பர் தோட்டத்துக்குள் விழுந்த வெயிலைப் போல, உடனே வெளியே வர வழியில்லை. ஒரு முடியின் பக்கத்தில் பட்டு, அடுத்ததில் தெறித்து, மூன்றாவதில் மோதி என்று கீழே இறங்குகிறது. ஒவ்வொரு மோதலிலும் சாயம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கணக்கு எளிதாக இருக்கும்படி, மரூன் நூலில் ஒருமுறை மோதினால் சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 50 பங்கும் பச்சை ஒளியில் 10 பங்கும் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரே மோதலில் வெளியே வந்தால் சிவப்பு 50, பச்சை 10. இரண்டு மோதலுக்குப் பின் 25, 1. மூன்றுக்குப் பின் 12.5, 0.1. அளவு குறைந்துகொண்டே போகிறது. கூடவே சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம் ஐந்து மடங்கிலிருந்து 125 மடங்காகிறது. வெல்வெட் இருண்டும் தெரிகிறது, நிறம் செறிந்தும் தெரிகிறது என்ற இரண்டு குணங்களும் இந்த ஒரே காரணத்தால் சேர்ந்தே வருகின்றன. எனவே வெல்வெட்டை ‘மங்கலான துணி’ என்று குறிப்பில் எழுதினால் பாதிதான் சரி. கதரும் மங்கல்தான், ஆனால் கதரின் நிறம் வெளுத்த மங்கல். வெல்வெட்டுடையது ஊறிய மங்கல்.

இவ்வளவும் துணியை நேராகப் பார்க்கும்போது நடப்பது. உருண்ட கையின் ஓரத்திலோ தோளின் வளைவிலோ துணி நம் பார்வையிலிருந்து திரும்பிவிடும்போது நிலைமை தலைகீழாகிறது. அங்கே நாம் முடிகளுக்கு நடுவே எட்டிப்பார்ப்பதில்லை; முடிகளின் நுனிகளையும் பக்கவாட்டையும் பார்க்கிறோம். வெளிச்சம் படும் பக்கமாக இருந்தால் அந்தப் பக்கவாட்டுகள் ஒரே மோதலில் ஒளியை நம்மிடம் அனுப்பிவிடுகின்றன. ஆகவே வெல்வெட் கையின் நடு இருண்டும், ஓரம் மெல்லிய கோடாக வெளுத்தும் தெரியும். இளங்காய்களின் பூனைமயிர் எதிர்வெயிலில் விளிம்பாக ஒளிர்வதைத் தோட்டத்தில் கண்டிருப்பீர்கள்; அதுவும் இதுவும் ஒன்றே. அந்த விளிம்பு வெள்ளை அல்ல, துணியின் நிறமே சற்று வெளுத்தது.

வெளிச்சம் கேமராவின் பக்கத்திலிருந்தே நேராக வரும்போது இந்த வேறுபாடு மிகத் துலக்கமாகத் தெரியும். கதர்ச் சட்டைக் கையின் நடு வெளிச்சமாக இருந்து ஓரத்துக்குப் போகப்போக மெல்ல இருளும். சாட்டின் கையின் நடுவே ஒடுங்கிய பட்டை மின்னி, இருபுறமும் சட்டென்று இருண்டுவிடும். வெல்வெட் கையிலோ நடு இருண்டு இரண்டு ஓரங்களும் வெளுக்கும். என் முதல் குறிப்பை நம்பி வரைந்த நண்பர், வெல்வெட் ரவிக்கையின் மார்புப் பகுதியில் ஒரு வெண்பட்டையைப் போட்டிருந்தார். அந்தப் பட்டை சாட்டினுக்கோ ரெக்ஸினுக்கோ உரியது. மழைக்கோட்டு என்று அந்த அம்மா சொன்னதற்குக் காரணம் அதுவே.

முடிக்கு ஒரு சாய்வும் உண்டு. விரலால் ஒரு திசையில் தடவினால் வெளுத்த தடம் விழும். எதிர்த்திசையில் தடவினால் கறுத்த தடம் விழும். முடி நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் நுனிகளுக்கு நடுவிலுள்ள ஆழம் தெரிகிறது, விலகிச் சாய்ந்திருந்தால் பக்கவாட்டு தெரிகிறது. ரவிக்கையின் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்டாத தையற்காரர், ஒரே துணியில் இரண்டு நிறம் தைத்துக் கொடுத்ததாகத் திட்டு வாங்குவார். வரைபவருக்கும் அதே விதி. இடக்கை கருமரூனாகவும் வலக்கை வெளுத்த மரூனாகவும் வந்தால், வெளிச்சம் அதை நியாயப்படுத்துகிறதா என்று பார்க்கவேண்டும். நசுக்கிய வெல்வெட் என்று கடையில் விற்பதில் முடியை வேண்டுமென்றே பல திசைகளில் அழுத்தியிருப்பார்கள். அது திட்டுத் திட்டாக மின்னும், மேலே சொன்னவை அதற்கு அப்படியே பொருந்தா. வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்பதை முதலிலேயே ஒரு துண்டுத் துணி காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

துணியைப் பற்றி இவ்வளவு தெரிந்தபின், படத்தில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்பதைப் படத்திலிருந்தே படிக்கவேண்டும். நினைவிலிருந்து எழுதக்கூடாது, நானே அந்தத் திண்ணையில் நின்றிருந்தாலும் படம் சொல்வதே கணக்கு. அக்காவின் கண்மணியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, படத்தின் இடப்பக்கமாக, அகலமான வெளிறிய கட்டம் ஒன்று தெரிந்தது. அது முற்றத்தின் மேல் திறந்திருக்கும் வானம். வெயிலாக இருந்திருந்தால் ஊசிமுனை போன்ற ஒரு புள்ளி தெரிந்திருக்கும். மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது, ஆனால் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கரைந்திருந்தது. ஆக, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து, மிக அகலமாக வருகிறது. வலக்கன்னம் முழுவதும் இருண்டுவிடவில்லை. வலப்பக்கத்து வெள்ளையடித்த சுவர் கொஞ்சம் ஒளியைத் திருப்பித் தருகிறது. தாடையின் அடியிலும் தங்கையின் முன்கையின் அடியிலும் லேசான செம்மை இருந்தது. அந்த வீட்டுத் தரை சிவப்பு ஆக்சைடு பூசி வழுவழுவென்று தேய்த்த பழைய தரை. கீழ்நோக்கித் திரும்பிய எல்லாப் பரப்பிலும் அதன் நிறம் ஏறியிருந்தது.

கடைசியாக இரண்டு அளவுகோல்களைப் படத்துக்குள்ளேயே தேடினேன். மிக இருண்ட இடம் எது, மிக வெளிச்சமான துணி எது என்பவை அவை. இருண்டது அக்காவின் கொண்டையின் வலப்பக்கம். வெளிச்சமானது பின்னால் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி. புதிய துணி இந்த இரண்டுக்கும் இடையே அடங்க வேண்டும். வெல்வெட் இருண்டது என்பதற்காக அதன் மடிப்புகளைச் சுத்தக் கறுப்பாக்கிவிட்டால், கூந்தலைவிடத் துணி கறுத்து, படத்தில் ஓட்டை போட்டதுபோல் தெரியும். சாட்டினின் மேல்வரம்பைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு உதவும். வழுவழுப்பான இழையின் மேல்தோல், ஒளி நேராக விழும்போது, நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கைத்தான் கண்ணாடிபோலத் திருப்புகிறது. சாய்ந்து விழும்போதே அது கூடுகிறது. வானம் முழுவதும் பரவிய மேக ஒளியில் இந்தச் சிறு பங்கு, கரும்பச்சையை ஓரளவு வெளுக்க வைக்குமே தவிர, அதே வானத்தின் கீழ் காயும் வெள்ளை வேட்டியைத் தாண்டாது. முதல் படத்தில் சாட்டினின் பட்டைகள் வேட்டியைவிட வெளுத்திருந்தன. பாவாடை அலுமினியத் தாள் போல் இருந்ததன் காரணம் அது.

இதையெல்லாம் வைத்து இரண்டாவது குறிப்பை எழுதினேன். அக்காவின் ரவிக்கைக்கு எழுதியது இது:

“வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வரும் மேகவான ஒளி; அகலமானது, கூர்மையான நிழல் எங்கும் இல்லை. ரவிக்கை மரூன் வெல்வெட், முடி கீழ்நோக்கிப் படிந்தது, எல்லாத் துண்டுகளும் ஒரே திசை. கேமராவைப் பார்க்கும் பகுதிகள் ஆழ்ந்து செறிந்த மரூன். அங்கே வெளுத்த பட்டையோ புள்ளியோ வேண்டாம். படத்தின் இடப்பக்கத்துத் தோள் விளிம்பிலும் அதே பக்கத்துக் கையின் வெளி ஓரத்திலும் மட்டும் வெளுத்த மரூனில் மெல்லிய கோடு, உள்பக்கமாகச் சீக்கிரம் கரைய வேண்டும். வலப்பக்க ஓரத்தில் அதே கோடு, ஆனால் பாதி வலுவுக்கும் குறைவாக. மடிப்புகள் கொண்டையின் நிழலைவிடக் கறுக்கக்கூடாது. கழுத்தோரத்தில் ரவிக்கையின் விளிம்பு சற்று மெத்தென்று இருக்கட்டும், கத்தியால் வெட்டியதுபோல் வேண்டாம்.”

தங்கையின் பாவாடைக்கு எழுதியது வேறு விதமாக இருந்தது:

“அதே வெளிச்சம். பாவாடை கரும்பச்சைச் சாட்டின். ஒவ்வொரு மடிப்பிலும் முகட்டுக்கு இடப்பக்கச் சரிவில், மடிப்பின் நீளத்துக்கு, அகலமான மென்மையான பட்டை. நிறம் பச்சையின் மேல் சாம்பல்வெண்மை ஏறியது. பட்டையின் இரு ஓரமும் கரைந்திருக்க வேண்டும். முழங்காலில் துணி இறுகியிருக்கும் இடத்தில் பட்டை அகலும், கீழே மடிப்பு நெருங்கும் இடத்தில் ஒடுங்கும். எந்தப் பட்டையும் பின்னாலுள்ள வேட்டியைவிட வெளுக்கக்கூடாது. தரையை நோக்கித் திரும்பிய கீழ்ப்பகுதிகளில் பச்சை கறுத்து, லேசான செம்மை தெரியட்டும்.”

இரண்டு குறிப்பிலும் ‘பளபளப்பு’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாட்டினுக்கு எங்கே, எவ்வளவு அகலம், என்ன நிறம், எதைவிடக் குறைவு என்ற நான்கும் சொல்லிவிட்டால் பளபளப்பு தானே வந்துவிடுகிறது. வெல்வெட்டுக்கோ எங்கே வெளிச்சம் வேண்டாம் என்பதே முதல் வாக்கியமாக இருக்கவேண்டும். இன்னொன்று, நான் எல்லா இடத்திலும் ‘படத்தின் இடப்பக்கம்’ என்றே எழுதுகிறேன். இடக்கை என்று எழுதினால், எதிரே அமர்ந்திருப்பவரின் இடக்கை படத்தின் வலப்பக்கத்தில் இருக்கும். ஒருமுறை இந்தக் குழப்பத்தால் ஒரு மாப்பிள்ளையின் மேலங்கி முழுவதும் தவறான பக்கம் ஒளிர்ந்து வந்தது.

சரியாக வந்த இரண்டாவது படத்திலும் ஒரு குறை இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. துணி இரண்டும் நன்றாக இருந்தன, ஆனால் அக்காவின் முகம் மட்டும் வேறு படத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது. காரணம் பழைய வெள்ளை ரவிக்கை. அது தன்மேல் விழுந்த வான ஒளியைத் தாடையின் அடிக்கும் கழுத்துக்கும் திருப்பி அனுப்பியிருந்தது. ரவிக்கையை மாற்றியபின்னும் அந்த வெளிச்சம் தோலில் அப்படியே தங்கியிருந்தது. ஒளியை விழுங்கும் மரூன் வெல்வெட்டுக்கு மேலே அத்தனை வெளிச்சமான கழுத்து இருக்க முடியாது. தாடையின் அடியை மிகச் சிறிதளவு இருளவைத்ததும் முகம் உடம்போடு சேர்ந்துகொண்டது. சாட்டின் பக்கம் இதற்கு நேர்மாறு: பாவாடையின் மேல் கிடந்த தங்கையின் விரல்களின் அடிப்பக்கத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பச்சைச் சாயல் சேர்த்தோம். இந்த இரண்டு திருத்தங்களையும் கூடுதலாகச் செய்தால் தோல் நோயாகத் தெரியும். ஆகவே செய்தபின் பாதியாகக் குறைத்துவிடுவது என் வழக்கம்.

சரிபார்ப்பதற்கு நான் செய்வது எளியது. படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். நிறம் போனபின்னும் எது வெல்வெட், எது சாட்டின் என்று தெரிந்தால் வெளிச்சம் சரியான இடத்தில் இருக்கிறது. தெரியாவிட்டால் நிறத்தை நம்பி ஏமாந்திருக்கிறோம். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். பழகிய கண்ணுக்குத் தப்பிய தவறான பட்டை, திருப்பிய படத்தில் உறுத்தும்.

இதே இரண்டு ஆடைகளை முட்டம் கடற்கரையில், மாலை வெயிலில் எடுத்த படத்துக்கு மாற்றித்தரச் சொன்னால் மேலே உள்ள குறிப்பை நகல் எடுக்க முடியாது. நிழலின் நீளத்தை அளந்தால் சூரியன் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரியும்: 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் நிழல் சமமணலில் ஏறக்குறைய 6 மீட்டர் நீண்டால், சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில் இருக்கிறது. ஒளிமூலம் இப்போது மிகச் சிறியது, மிக வலியது. எனவே சாட்டினின் அகலப் பட்டைகள் ஒடுங்கி, இளமஞ்சளாகி, முறிவுகளில் ஊசிபோலத் தெறிக்கும். மின்னும் இடத்தில் அது பக்கத்திலுள்ள வெள்ளைத் துணியையும் தாண்டலாம், ஏனென்றால் அந்தச் சிறு பங்கே சூரியனின் பங்கு. நிழல் பக்கத்து மடிப்புகளில் வானத்தின் நீலம் தெரியும். வெல்வெட்டின் முன்பக்கம் அப்போதும் இருண்டே இருக்கும். ஆனால் சூரியன் பெண்ணுக்குச் சற்றுப் பின்னால் நின்றால், தோளிலிருந்து முழங்கைவரை அந்த மெல்லிய விளிம்பு கனல்போல எரியும். அத்தகைய படத்துக்குக் குறிப்பு எழுதும்போது வெல்வெட்டின் விளிம்பை முதல் வாக்கியமாக வைக்கிறேன், மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன.